போன வழியே திரும்பாத பாக்கெட்: இரண்டு லைன் வைத்திருப்பவர்களுக்கு மூன்று தீர்வுகள்

தக்கலை பக்கம் ஒரு முந்திரி ஆலை அலுவலகம். மழைக்காலத்தில் ரப்பர் மரக்கிளை விழுந்து ஃபைபர் அறுந்துவிடுகிறது என்று இரண்டாவது லைன் வாங்கினார்கள். லைனுக்கு ஒரு லினக்ஸ் ஃபயர்வால்: முதலாவது 192.168.10.1, இரண்டாவது 192.168.10.2. பில்லிங் சர்வர் 192.168.10.50, அதன் கேட்வே முதலாவது.

இரண்டாவது லைனின் ஐபி வழியாக வெளியிலிருந்து சர்வரைத் திறந்தால் பக்கம் வரவே இல்லை. இரண்டு ஃபயர்வாலிலும் tcpdump போட்டுப் பார்த்தேன். இரண்டாவதில் இணைப்புக் கேட்கும் [S] மட்டும் ஒரு விநாடி, இரண்டு விநாடி, நான்கு விநாடி இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கான பதில் [S.] முதலாவதின் உள்பக்கம் வந்து நிற்கிறது. கேள்வியையே பார்க்காத ஃபயர்வாலிடம் பதில் மட்டும் வந்தால், அதன் இணைப்புப் பட்டியலில் பொருந்தும் வரி இருக்காது. அதை invalid என்று குறித்துத் தள்ளிவிடும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

“அந்தச் சோதனையையே நிறுத்திவிடலாமே அண்ணே” என்றார் அங்கே சிஸ்டம் பார்க்கும் தம்பி. இங்கே அது உதவாது. முதலாவது விட்டுவிட்டாலும், பதில் இரண்டாவது லைனின் ஐபியோடு போகாது. தான் அழைத்த முகவரியிலிருந்து வராத பதிலை வெளியில் இருக்கும் கணினி ஏற்காது. பாதுகாப்பும் போய், பக்கமும் வராது.

அடுத்தது, இரண்டாவது ஃபயர்வாலிலேயே வெளியாளின் முகவரியை 192.168.10.2 என்று மாற்றி உள்ளே அனுப்புவது. சர்வர் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வதுபோல அதற்கே பதில் தரும். ஒரே விதியில் முடிகிறது, சர்வரைத் தொட வேண்டாம். ஆனால் லாகில் வருகிறவர் எல்லாருக்கும் ஒரே முகவரி. இந்தச் சர்வரில், பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போடும் முகவரியைத் தடுக்கும் fail2ban இருந்தது. யாரோ ஒருவர் அப்படிப் போட, அது 192.168.10.2-ஐயே தடுத்துவிட்டது. அப்புறம் அந்த லைனில் ஒருவரும் உள்ளே வர முடியவில்லை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. சர்வருக்கு 192.168.10.51 என்று இன்னொரு முகவரி கொடுத்து, இரண்டாவது லைனில் வருவதை அங்கே திருப்பிவிட்டோம். பிறகு சர்வரில்:

```
ip route add default via 192.168.10.2 table 200
ip rule add from 192.168.10.51 lookup 200
```

51-க்கு வந்த இணைப்பின் பதில் 51-இலிருந்தே கிளம்பும், வந்த ஃபயர்வாலுக்கே திரும்பும். வெளியாளின் உண்மையான ஐபி லாகில் நிற்கிறது. இந்த இரண்டு வரிகளும் ரீபூட்டில் அழிந்துபோகும். நெட்வொர்க் அமைப்புக் கோப்பிலும் எழுதிவைக்க வேண்டும். அதே அலுவலகத்தின் கேமரா டிவிஆரில் இப்படி விதி போட வழியில்லை. அதற்கு மட்டும் முகவரி மாற்றும் முறையையே விட்டுவைத்தோம்.