ஃபாயிலா, புடைப்பா, தனி நிறமா: கல்யாணப் பத்திரிகையில் எது காசுக்குத் தகும்?

அக்கா மகளுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம். பத்திரிகை அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அச்சகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். 400 பத்திரிகை, ஐந்துக்கு ஏழு அங்குல ஒற்றை அட்டை, தனி உறை. "பிள்ளையார் தங்கத்தில் மின்ன வேண்டும், ஓரமெல்லாம் மயில் புடைத்து நிற்க வேண்டும், எழுத்து நல்ல அரக்கு நிறத்தில் இருக்க வேண்டும்" என்றார் அக்கா. கேட்டது மூன்று வேலை: தங்கத்துக்கு ஃபாயில், மயிலுக்குப் புடைப்பு, எழுத்துக்குத் தனி நிறம். மூன்றுக்கும் தனித்தனியாகக் காசு. எந்தக் காசு பத்திரிகையைக் கையில் வாங்குபவரிடம் போய்ச் சேரும், எது அச்சகத்தோடு நின்றுவிடும் என்று அவருடன் உட்கார்ந்து அலசினேன்.

முதலில் விலை எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபாயிலுக்கு உலோக பிளாக் ஒன்று செய்ய வேண்டும். அதை இயந்திரத்தில் பூட்டி, சூடாக்கி, சரியான இடத்தில் விழும்வரை தாள்களை வீணாக்கிப் பார்க்க வேண்டும். ஒரு பத்திரிகை அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் இந்தச் செலவு ஒன்றுதான். கணக்கு புரிவதற்காக அதை 3,000 ரூபாய் என்றும், அதற்குப்பின் ஒவ்வொரு அட்டைக்கும் ஒன்றரை ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். எங்கள் 400 அட்டையில் ஒன்றுக்கு 9 ரூபாய் விழும். 20,000 அட்டை அடிப்பவருக்கு 1 ரூபாய் 65 காசுதான். சிவகாசியிலிருந்து வந்து சென்னை ஆண்டர்சன் தெருக் கடைகளில் அடுக்கியிருக்கும் ஆயத்த அட்டைகளில் ஃபாயிலும் புடைப்பும் தாராளமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அங்கே அவை மலிவான வேலைகள். நமக்கென்று தனியாக வடிவமைத்துச் சில நூறு மட்டும் அடிக்கும்போது அதே வேலைகள் விலை ஏறிவிடுகின்றன. ஆகவே பிள்ளையாரும் மயிலும் பொதுவான உருவமாக இருந்தால் போதும் என்பவர் ஆயத்த அட்டையை வாங்கி மேட்டரை மட்டும் அடித்துக்கொள்வதே நல்லது. அதே மினுமினுப்பைத் தனியாகச் செய்து வாங்குவதில் லாபமே இல்லை.

அக்காவுக்கு வேண்டியது எங்கள் குலதெய்வக் கோயில் கோபுரத்தின் கோட்டோவியம். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. எனவே தனி வேலைதான்.

ஃபாயிலில் தங்கம் ஏதும் இல்லை. மெல்லிய பாலியஸ்டர் சுருளின் மேல் மஞ்சள் சாயமேற்றிய ஒரு படலம், அதன்மேல் அலுமினியப் பூச்சு, கடைசியில் சூட்டில் இளகும் பசை. சூடான பிளாக் அழுத்தும்போது பசை தாளைப் பிடித்துக்கொள்கிறது, சுருள் பிரிந்து வந்துவிடுகிறது. கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பித் தரும் இந்தப் பளபளப்பைச் சாதாரண மையால் கொடுக்க முடியாது. தங்க நிற மையும் இருக்கிறது. ஆனால் பூச்சில்லாத தாளில் அது உறிஞ்சப்பட்டுக் காவி கலந்த பழுப்பாகிவிடும். மின்ன வேண்டும் என்றால் ஃபாயில்தான்; அந்த இடத்தில் அதற்குக் கொடுக்கும் காசு வீணல்ல.

ஆனால் தகும் இடம் சிறியது. அக்கா மணமக்கள் பெயரையும் முகூர்த்த நேரத்தையும்கூட ஃபாயிலில் கேட்டார். வேண்டாம் என்றேன், மாதிரி பார்க்காமல் அவர் ஒப்பவில்லை. மாதிரி வந்தது. பத்து பாயிண்ட் அளவில் இருந்த ‘ண’கரத்தின் சுழிகள் மூன்றும் அடைந்து ஒரே பொன் கட்டியாக நின்றன. புள்ளி வைத்த எழுத்துகளில் புள்ளி கீழிறங்கி எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. ‘6’ எது, ‘8’ எது என்று தெரியவில்லை. சித்தப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, டியூப்லைட்டின் கீழே அட்டையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். ஒரு கோணத்தில் எழுத்து தெரிந்தது, மறு கோணத்தில் வெறும் வெளிச்சம். "முகூர்த்தம் ஆறு மணிக்கா, எட்டு மணிக்கா?" என்று அவர் கேட்டதும் அக்காவே மாதிரியைக் கீழே வைத்துவிட்டார்.

தமிழ் எழுத்துக்கு இந்தத் தொல்லை ஆங்கிலத்தைவிட அதிகம். நம் எழுத்தில் சுழியும் கொம்பும் புள்ளியும் நெருக்கமாக உட்காருகின்றன. கோட்டின் தடிமன் எவ்வளவு முக்கியமோ, இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடமும் அவ்வளவு முக்கியம். கால் மில்லிமீட்டருக்குக் குறைவான வெற்றிடத்தை ஃபாயில் எளிதில் மூடிவிடும். சூடோ அழுத்தமோ கூடினால் சுழிகள் அடையும், பளபளப்பும் மங்கும். குறைந்தால் ஓரம் பிய்ந்து, நடுவில் பூச்சிக்கடி போல வெள்ளை தெரியும். மாதிரி கைக்கு வந்ததும் செலோடேப்பை ஒட்டி மெல்ல உரித்துப் பாருங்கள். பொன் டேப்போடு வந்தால் பசை பிடிக்கவில்லை. விருந்தாளியின் விரலிலும் வந்துவிடும். கையால் செய்த மேடுபள்ளமான தாளில் பெரிய பரப்பை ஃபாயிலால் நிரப்பச் சொல்வதும் தவறு. பள்ளத்தில் பிளாக் தொடாமல் போகும்.

புடைப்பு, அதாவது எம்பாசிங், வேறு வகை. மேலே பள்ள அச்சும் கீழே மேட்டு அச்சும் சேர்ந்து தாளை நடுவில் வைத்து நெரிக்கின்றன. இங்கே உருவத்தைக் காட்டுவது நிழல்தான். அதனால் தாளே பாதி வேலையைச் செய்கிறது. பூச்சில்லாத, பஞ்சுத்தன்மையுள்ள 300 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள அட்டையில் புடைப்பு உருண்டு நிற்கும். மெல்லிய தாளில் நிற்காது; பளபளப்பான ஆர்ட் அட்டையில் ஆழமாக அழுத்தினால் மேட்டின் விளிம்பில் பூச்சு வெடிக்கும். நல்ல அட்டை வாங்கக் காசு இல்லையென்றால் புடைப்புக்குச் செலவு செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காசையும் தாளில் போட்டால், எந்த வேலைப்பாடும் இல்லாமலே பத்திரிகை கனமாக, மரியாதையாக இருக்கும்.

அக்கா கேட்ட மயில் ஓரத்தில் இன்னொரு சிக்கல். மயில் தோகையின் நுண்ணிய கண்களையெல்லாம் புடைக்க வைத்தால் நிழல் ஒன்றோடொன்று கலந்து சொரசொரப்பாகத்தான் தெரியும். பின்பக்கத்தில் அதே இடம் பள்ளமாகும். அங்கே உறவினர் பெயர்ப் பட்டியல் அச்சாகியிருந்தால் எழுத்து உடையும். ஓரம் முழுக்கப் புடைப்பு என்றால் பின்பக்கம் முழுக்க இந்தத் தொல்லை. உறைக்குள் அட்டையை வைத்த பிறகு பந்துமுனைப் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதும் வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அந்த அழுத்தமே புடைப்பை நசுக்கப் போதும். நூறு நூறாகக் கட்டி அடுக்கினால் அடியிலுள்ள கட்டு தட்டையாகிவிடும்.

தனி நிறத்துக்கு விளம்பரமே கிடையாது. வாடிக்கையாளர் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்றில் மிகுந்த பயன் தருவது அதுதான். மல்டிகலர் அச்சில் அரக்கு நிறம் என்று ஒரு மை இல்லை. மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அரக்காகத் தோன்றுகின்றன. ஒவ்வொரு மைக்கும் ஓர் அச்சுத் தகடு உண்டு; அவற்றில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் சிறிய எழுத்தின் ஒரு பக்கம் இளஞ்சிவப்பாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் கசியும். தனி நிறத்தில் மையையே அரக்காகக் கலந்து, ஒரே தகட்டில் அடிக்கிறார்கள். விலகுவதற்கு இரண்டாவது தகடு இல்லை. எழுத்தின் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கும். ஃபாயிலில் தடுமாறிய சித்தப்பா படித்தது இந்த எழுத்தைத்தான்.

இதில் காசுக் கணக்கும் வேறு மாதிரி போகிறது. புகைப்படம் உள்ள பத்திரிகையில் நான்கு நிறத்தோடு ஐந்தாவதாகத் தனி நிறம் சேர்த்தால் செலவு கூடும். நான்கு நிற இயந்திரத்தில் தாள் இன்னொரு முறை ஓட வேண்டியிருக்கும். படமே இல்லாத பத்திரிகையில் நான்கு நிறத்தை விட்டுவிட்டு ஒன்றோ இரண்டோ தனி நிறத்தில் அடித்தால் தகடு குறையும், பெரும்பாலும் செலவும் குறையும். நம் ஊர்களில் சில நூறு பத்திரிகைக்கு வழக்கமான ஸ்கிரீன் பிரிண்டிங் அடிப்படையிலேயே தனி நிற வேலைதான். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், மையைக் கலந்தே ஊற்றுகிறார்கள். ‘அரக்கு’ என்று வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். 1963 முதல் வரும் பேண்டோன் நிற ஏட்டிலிருந்து எண்ணைக் குறித்துக் கொடுங்கள். எண்ணின் பின்னால் சி என்றிருந்தால் பூச்சுள்ள தாளுக்கு, யூ என்றிருந்தால் பூச்சில்லாத தாளுக்கு. ஒரே மை இரண்டிலும் ஒரே மாதிரி தெரியாது. பூச்சில்லாத தாளில் மங்கும். ஒருமுறை சி பக்கத்தைப் பார்த்து நிறம் குறித்துவிட்டு, பூச்சில்லாத அட்டையில் அடித்து வாங்கினேன். சிவப்பு வற்றி, காய்ந்த செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அந்தத் தவறு என்னுடையது.

கடைசியில் அக்காவும் நானும் முடிவு செய்தது இப்படி: 300 ஜி.எஸ்.எம். பூச்சில்லாத தந்த நிற அட்டை. மேட்டர் முழுவதும் ஒரே அரக்குத் தனி நிறத்தில், ஸ்கிரீனில். தலைப்பில் கோபுரம் மட்டும் ஃபாயில், ஒன்றரை அங்குல அகலம். சிற்பங்களை நீக்கிக் கோடுகளைத் தடிப்பாக்கி வரைந்து கொடுத்தேன். மயில் புடைப்பு இல்லை. அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியபோது அந்த வருத்தம் போயிற்று. பூச்சில்லாத தாள் மஞ்சளை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. லேமினேட் செய்த அட்டையில் அது காய்ந்து பொடியாக உதிர்ந்துவிடும்.

புடைப்பு வேண்டவே வேண்டும் என்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். மாதிரியாக இரண்டு அட்டை கேட்டு வாங்குங்கள். ஒன்றை உறையில் போட்டு, மேலே உங்கள் முகவரியை நீங்களே எழுதி, தபாலில் உங்களுக்கே அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் உங்கள் கையிலிருக்கும் மற்றதன் பக்கத்தில் வைத்து, ஜன்னலோரச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். பயணம் செய்த அட்டையில் மயில் தெரிந்தால் புடைப்பு அச்சுக்குப் பணம் கட்டுங்கள்.