அறிமுகக் கடிதமா, மாற்றுச் சான்றிதழா?

பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்குக் குடிபோகும் சி.எஸ்.ஐ. குடும்பத்திடம் "சபை ஐயரிடம் ஒரு லெட்டர் வாங்கிக்கோங்க" என்பார்கள். எந்த லெட்டர் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அறிமுகக் கடிதம், "இவர்கள் எங்கள் சபையார், ஆராதனையிலும் திருவிருந்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லும். பெயர் பழைய பதிவேட்டிலேயே நிற்கும். மாற்றுச் சான்றிதழ் அங்கே பெயரை எடுத்துவிட்டு இங்கே எழுதச் சொல்லும். இரண்டு ஊரும் ஒரே திருச்சபைதான் என்றாலும் திருமண்டலம் வேறு, பதிவேடும் வேறு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, திடப்படுத்தல் பெற்ற 17 வயது மகள், ஞானஸ்நானம் மட்டும் பெற்ற 9 வயது மகன். பாட்டி ஊரிலேயே இருக்கிறார். கணவருக்கு இரண்டு வருட ஒப்பந்த வேலை. இவர்களுக்கு அறிமுகக் கடிதமே போதும். மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் ஊர்ச் சபையில் சங்கக் காணிக்கையும் வாக்குரிமையும் நின்றுபோகும். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போதும் "உங்கள் பெயர் இங்கே இல்லையே" என்ற பேச்சு வரலாம்.

சென்னையிலேயே வீடு வாங்கித் தங்கப்போகிறவர்கள் கதை வேறு. அறிமுகக் கடிதத்தோடு பத்து வருடம் ஓட்டினால், மகளின் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் சமயத்தில் எந்தச் சபையின் அங்கத்தினர் என்ற கேள்வி எழும். அப்போது ஊருக்கு ஓடுவதைவிட முதல் வருடமே மாற்றிக்கொள்வது நல்லது.

மாற்றுச் சான்றிதழில் அதிகம் நேரும் பிழை, "இன்னார் குடும்பத்தாருடன்" என்று எழுதிவிடுவது. மேலே சொன்ன குடும்பமே நிரந்தரமாகக் குடிபோவதாக வைத்துக்கொண்டால், அந்த ஒரு சொல்லில் பாட்டியின் பெயரும் ஊர்ப் பதிவேட்டிலிருந்து போய்விடக்கூடும். போகிற நான்கு பேரையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்: பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் உள்ளபடி, ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி, சங்கக் காணிக்கை எந்த மாதம் வரை கட்டியாயிற்று. மகனுக்குத் திடப்படுத்தல் இன்னும் ஆகவில்லை என்பதையும் எழுத வேண்டும். இல்லையென்றால் புதிய ஐயர் அவனைத் திடப்படுத்தல் வகுப்பில் சேர்க்கும் நேரத்தில் மறுபடியும் ஊருக்குப் போன் போட வேண்டியிருக்கும். ஆதாரில் பெயரின் எழுத்து மாறியிருந்தால் இரண்டையும் குறிப்பிடலாம்.

அறிமுகக் கடிதத்துக்குத் தேதிகள் இவ்வளவு வேண்டாம். அதற்கு உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் பெபேயாளை அனுப்பும்போது அவள் யார், எந்தச் சபையில் ஊழியம் செய்தாள், அவளுக்கு உதவி செய்யுங்கள் என்று எழுதுகிறார். "நன்னடத்தை உள்ளவர்கள்" என்ற ஒற்றை வரியைப் படிக்கும் குருவானவருக்கு எதுவும் தெரியாது. "அம்மா ஓய்வுநாள் பள்ளியில் ஆறு வருடம் கற்பித்தார், மகள் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறாள், மகனுக்கு அங்கே ஓய்வுநாள் பள்ளி வேண்டும்" என்று இருந்தால் அடுத்த ஞாயிறே அவர்களை எங்கே சேர்ப்பது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

எதுவானாலும் சேகரத்தின் முத்திரை, தேதி, குருவானவரின் கையெழுத்து, போன் நம்பர் வேண்டும். மாற்றுச் சான்றிதழ் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். பெயரைச் சேர்த்துக்கொண்டோம் என்று சென்னைச் சபை ஒரு வரி எழுதி அனுப்பும்வரை ஊர்ப் பதிவேட்டில் பெயரை அடிக்க வேண்டாம் என்று ஐயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பே அடித்துவிட்டு, சான்றிதழும் பெட்டிக்குள்ளேயே கிடந்துவிட்டால், அதைக் கொடுக்கும்வரை அவர்கள் எந்தச் சபையின் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள்.