சம்பளத்தில் பிடித்த கடன் தவணை 1,68,000 எங்கே போனது? பேரோலை வெளியே கொடுத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று மாலை மின்னஞ்சல் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது." அவர்களுக்குத் தீர்ந்துவிட்டது. எங்களுக்கு வரவேண்டிய 1,68,000 வரவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், வார்த்தை முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. சம்பள வேலையை மொத்தமாக எடுத்துச் செய்துதரும் இணையவழிப் பேரோல் சேவை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் நம் வங்கிக் கணக்கிலிருந்து ஒரே தொகையாக எடுத்துக்கொள்வார்கள். அதிலிருந்து ஊழியர்களுக்குக் கைச்சம்பளத்தையும், காப்பீட்டு பிரீமியம் மாதிரி வெளியே கட்டவேண்டியதையும் அவர்களே அனுப்பிவிடுவார்கள். இந்த மாதிரி சேவையில் என்னென்ன பார்க்கவேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என் கணவரும் நானும் நடத்தும் சின்ன நிறுவனம். கணக்கு என் பொறுப்பு. ஊழியர்களில் மூன்று பேருக்குக் கடன் கொடுத்திருந்தோம். ஒருவருக்கு 60,000, மாதம் 5,000 தவணை. இன்னொருவருக்கு 96,000, மூன்றாமவருக்கு 80,000, இவர்கள் இருவருக்கும் தவணை 8,000. ஆக மொத்தக் கடன் 2,36,000, மாதம் திரும்பி வரவேண்டியது 21,000. இது எங்கள் பணம். ஊழியர் சம்பளத்தில் பிடிக்கும்போது அந்தப் பணம் எங்கேயும் போகவேண்டியதில்லை, எங்கள் வங்கியிலேயே தங்கவேண்டும். ஊழியர் கடன் லெட்ஜரில் பாக்கி மட்டும் குறையவேண்டும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சேவையை அமைத்துக்கொடுக்க வந்தவர் நல்ல பேச்சுக்காரர். முதலில் சம்பள முன்பணத்தை வைத்துச் சோதனை ஓட்டம் காட்டினார். ஒருவருக்கு 4,000 முன்பணம் கொடுத்திருந்தோம், அந்த மாதமே முழுசாகப் பிடித்தார்கள். வங்கியிலிருந்து எடுத்த தொகையும் அந்த 4,000 குறைவாக இருந்தது, முன்பண லெட்ஜரும் பூஜ்யத்துக்கு வந்தது. அடுத்து கடனுக்கு ஒரு பிடித்தக் குறியீடு உருவாக்கினார். அப்போதே நான் கேட்டேன், "தவணை எந்த லெட்ஜருக்குப் போகும்?" திரையில் தவணை அட்டவணையைத் திறந்து காட்டினார். மாதாமாதம் பாக்கி படிப்படியாக இறங்கி வந்தது. "மேடம், நீங்க லோன் லெட்ஜரைத் தொடவே வேணாம். ஜர்னல் கோப்பு எங்ககிட்டேருந்தே வரும், நீங்க இறக்குமதி பண்ணினா போதும். கையால போட்டீங்கன்னா ரெண்டு தடவை விழுந்துடும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விழுந்தோம். கேட்பதற்குச் சரியான எச்சரிக்கை மாதிரி இருந்தது பாருங்கள்!

எட்டு மாதம் சத்தமே இல்லை. சம்பளச் சீட்டில் தவணை பிடித்தது தெரிந்தது. போர்ட்டலில் பாக்கி குறைந்தது. பிறகு 80,000 வாங்கியிருந்த தம்பி வேறு வேலை கிடைத்து விலகினார். இறுதிக் கணக்கு முடிக்க நான் எங்கள் பேரேட்டைத் திறந்தால், அவர் பெயரில் 80,000 அப்படியே நிற்கிறது. "அக்கா, எட்டு மாசமா பிடிச்சிருக்கீங்களே, இன்னும் ரெண்டு தவணைதானே பாக்கி" என்று சம்பளச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக் காட்டினார். அவர் சொன்னது சரி. 64,000 கட்டியாகிவிட்டது, 16,000தான் மிச்சம். பேரேட்டை மட்டும் நம்பி அவர் கடைசிச் சம்பளத்தில் கை வைத்திருந்தால் ஒரே கடனை இரண்டு முறை வாங்கிய பாவம் எங்கள் தலையில் விழுந்திருக்கும். மற்ற இரண்டு பேர் கணக்கும் அதே கதை. மொத்தக் கடன் லெட்ஜர் 2,36,000. ஒரு காசு குறையவில்லை. பிடித்தது 21,000 வீதம் எட்டு மாதம், 1,68,000.

பதிவுதான் தப்பு, பணம் வங்கியில் இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்கள் எடுத்த மொத்தத் தொகைக்கு விவரப் பட்டியல் கேட்டேன். அது வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதில் 60,000 கடன் வாங்கியவரின் ஒரு மாதக் கணக்கை மட்டும் சொல்கிறேன். மொத்தச் சம்பளம் 40,000. காப்பீட்டு பிரீமியம் 3,000, கடன் தவணை 5,000, கைக்குப் போவது 32,000. எங்கள் வங்கியிலிருந்து போகவேண்டியது 32,000 அவருக்கு, 3,000 காப்பீட்டுக்கு, ஆக 35,000. அவர்கள் எடுத்தது 40,000.

காரணம் கடன் குறியீட்டில் இருந்தது. வந்த மனிதர் அதைப் புதிதாக உருவாக்கவில்லை, காப்பீட்டுக் குறியீட்டை நகல் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். அதனால் பிடித்த பணம் யாருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் அதன் பெறுநர் வகை "வெளி நிறுவனம்" என்றே இருந்தது. முன்பணக் குறியீடு அவர்களிடம் ஏற்கனவே சரியாக இருந்தது, சோதனை அதில்தான் நடந்தது. போர்ட்டலின் கடன் அட்டவணை பிடித்த தொகையை மட்டும் பார்த்துப் பாக்கியைக் குறைக்கும். பணத்தை எடுக்கும் பகுதி பெறுநர் வகையைப் பார்க்கும். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

பேரேட்டில் இது ஏன் தெரியவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சலான எரிச்சல். சரியான ஜர்னல் என்றால் சம்பளச் செலவு டெபிட் 40,000. கிரெடிட் பக்கம் கைச்சம்பளம் 32,000, செலுத்தவேண்டிய பிரீமியம் 3,000, ஊழியர் கடன் 5,000. அவர்கள் கோப்பில் கடைசி இரண்டும் சேர்ந்து "செலுத்தவேண்டிய பிடித்தங்கள்" என்று 8,000 ஒரே வரியாக வந்தது. பொதுவாகத் தவணையைத் தப்பாகப் பொறுப்புக் கணக்கில் போட்டால், அந்தக் கணக்கில் பாக்கி மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும், யாராவது "இது என்ன" என்று கேட்பார்கள். இங்கே பணமே வெளியே போய்விட்டதால், வங்கிப் பதிவு விழுந்ததும் அந்த 8,000 கழிந்து கணக்கு பூஜ்யம். பார்க்கச் சுத்தமாக இருந்தது, குடும்பமே காலி செய்துகொண்டு போன வீடு மாதிரி.

சரி, அந்த 1,68,000 யாருக்குப் போனது? பெறுநர் வகை இருக்கிறது, பெறுநர் பெயர் காலி. பெயர் இல்லாததால் அனுப்பவும் முடியாது. அவர்களுடைய நிறுத்திவைப்புக் கணக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. இதை அவர்கள் ஆளே ஒருவர் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் என் அழைப்பை எடுப்பதே இல்லை.

பிறகு ஆரம்பித்தது அலைக்கழிப்பு. அமைத்துக்கொடுத்தவர் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம். உதவி மையத்தில் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்லவேண்டும். "இது வெறும் பதிவுப் பிரச்சினை மேடம், ஒரு ஜர்னல் போட்டா சரியாயிடும்" என்றார் ஒருவர். என்ன ஜர்னல் தெரியுமா? பிடித்தங்கள் கணக்கு டெபிட் 1,68,000, ஊழியர் கடன் கிரெடிட் 1,68,000. கடன் பாக்கி 68,000க்கு இறங்கிவிடும், சரிதான். பிடித்தங்கள் கணக்கில் 1,68,000 டெபிட் நிற்குமே என்றேன். "அதைச் சம்பளச் செலவுக்கு மாத்திடுங்க" என்கிறார்! அதாவது அவர்கள் கையில் இருக்கும் எங்கள் பணத்தை நாங்களே செலவாக எழுதி மறைத்துவிட வேண்டும். மொத்தச் சம்பளம் ஏற்கனவே முழுசாகச் செலவில் ஏறியாகிவிட்டது, அதன்மேல் இன்னொரு 1,68,000. அப்படி எழுதினால் கேட்பதற்கு எங்களிடம் பேரேட்டிலேயே ஆதாரம் இருக்காது.

நான் அதைப் போடவில்லை. "பேரோல் சேவையிடமிருந்து வரவேண்டியது" என்று தனி லெட்ஜர் திறந்து அதை டெபிட் செய்து, மூன்று ஊழியர்களின் கடன் லெட்ஜரையும் ஆளுக்கு ஏற்றபடி கிரெடிட் செய்தேன். 40,000, 64,000, 64,000. ஊழியர்கள் கணக்கு சரியாகிவிட்டது. விலகிய தம்பிக்கும் 16,000 மட்டும் கழித்து முடித்தோம். அவர்கள் கட்டியது கட்டியதுதான், நடுவில் எங்கே தொலைந்தாலும் அது அவர்கள் தலையில் விழக்கூடாது.

அடுத்த பதில் இன்னும் மோசம். "உங்கள் அமைப்பின்படியே தொகை எடுக்கப்பட்டது." அமைத்தது யார்? உங்கள் ஆள். அப்புறம் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், தவறு இருந்தால் 60 நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். கடைசியாக, வரும் மாதங்களின் சேவைக் கட்டணத்தில் ஏதோ சலுகை தருகிறோம் என்றார்கள். 1,68,000க்கு சலுகையா? மறுத்தேன். அடுத்து வந்ததுதான் நேற்றைய "மூடப்பட்டது".

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்கள். மாதம் வங்கியிலிருந்து போன தொகை, கைச்சம்பளமும் வெளியாருக்குக் கட்டவேண்டியதும் சேவைக் கட்டணமும் சேர்ந்ததற்குச் சமமா என்று பாருங்கள். கூடுதலாக இருந்து, அந்தக் கூடுதல் தவணை மொத்தத்துக்குச் சமமாக இருந்தால் உங்கள் கதையும் இதேதான். போர்ட்டலின் கடன் பாக்கியையும் உங்கள் பேரேட்டின் கடன் பாக்கியையும் ஆள்வாரியாக மாதாமாதம் ஒத்துப்பாருங்கள், போர்ட்டல் காட்டுவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கடன் குறியீட்டின் பெறுநர் வகையைத் திறந்து பார்த்து அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். முன்பணத்தில் சோதனை சரியாக வந்தால் அது முன்பணத்துக்கு மட்டும்தான் சாட்சி. ஜர்னலில் பிடித்தங்கள் ஒரே வரியாக வந்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

வங்கியில் அவர்களுக்குக் கொடுத்திருந்த தானியங்கி அனுமதியை ரத்து செய்துவிட்டேன், இந்த மாதச் சம்பளத்தை நானே கையால் போடுகிறேன். ஒப்பந்தத்தை முடிக்க நோட்டீஸ் காலக் கட்டணம் கட்டணுமாம். அந்த 1,68,000இல் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள் என்று இன்று காலை பதில் போட்டிருக்கிறேன்.