மூன்று மீட்டர் சார்ஜிங் கேபிள்: மெல்லியதா, தடித்ததா?

கட்டிலுக்கும் பிளக் பாயின்டுக்கும் நடுவே மூன்று மீட்டர் தூரம். கடையில் அந்த நீளத்துக்கு இரண்டு விதமான யூஎஸ்பி கேபிள்கள் இருந்தன. ஒன்று மெல்லியது, விலை குறைவு, சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று தடித்தது, விறைப்பானது, விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் தடித்ததைத்தான் வாங்கினேன். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

மெல்லியதின் வசதிகளை விளக்கத் தேவையில்லை. தடித்தது எளிதில் வளையாது, போனின் சாக்கெட்டை இழுக்கும், பயணப் பையில் இடத்தை அடைக்கும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் மூன்று மீட்டர் என்று வந்துவிட்டால் முடிவைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் குறுக்களவு மட்டுமே.

நல்ல கேபிளின் உறை மேல் பொடி எழுத்தில் `28AWG/1P 24AWG/2C` என்பது போல அச்சிட்டிருக்கும். முதல் பாதி டேட்டா போகும் ஜோடிக் கம்பி. இரண்டாவது பாதி மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள். நாம் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது பாதியில் AWG-க்கு முன்னால் இருக்கும் கேஜ் எண்ணை, இங்கே 24. கேஜ் எண் கூடக் கூட கம்பி மெலியும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 28 கேஜ் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம் தடை தரும். 24 கேஜ் 0.084 ஓம், 20 கேஜ் 0.033 ஓம்.

மின்சாரம் ஒரு கம்பியில் போய் இன்னொன்றில் திரும்பி வர வேண்டும் என்பதால் 3 மீட்டர் கேபிளுக்கு 6 மீட்டர் கம்பியைக் கணக்கில் எடுக்க வேண்டும். 28 கேஜில் மொத்தத் தடை 1.28 ஓம், 24 கேஜில் 0.5, 20 கேஜில் 0.2. சார்ஜர் 5 வோல்ட் கொடுக்கிறது, போன் 2 ஆம்பியர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கேஜ் கேபிளில் 0.4 வோல்ட் போய்விடும், மீதி 4.6 வோல்ட் போனுக்கு வரும். 24 கேஜில் 1 வோல்ட் போய் 4 வோல்ட்தான் மிஞ்சும். 28 கேஜில் இரண்டரை வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும்.

ஆனால் போன் அந்த அளவுக்கு விடாது. உள்ளே வரும் வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கப் பார்த்தால் போனின் சார்ஜிங் சிப் தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். அந்த எல்லை 4.4 வோல்ட் என்று எடுத்துக்கொண்டால், 28 கேஜ் கேபிளில் அரை ஆம்பியர்கூட ஓடாது. போனுக்குக் கிடைப்பது 2 வாட் அளவுதான். 24 கேஜில் 5 வாட், 20 கேஜில் 9 வாட். ஒரே சார்ஜர், ஒரே போன்! “சார்ஜ் ஆகிறது” என்று திரை காட்டும், ஆனால் மேப் போட்டுக்கொண்டு பார்த்தால் சதவீதம் ஏறாது. பலர் இதற்கு பேட்டரியைக் குறை சொல்வார்கள்.

சந்தேகம் இருந்தால் யூஎஸ்பி மீட்டரைக் கேபிளின் போன் பக்க முனையில் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது சார்ஜர் பக்கம் 5 வோல்டும் போன் பக்கம் 4.4-ம் காட்டினால் இடையில் காணாமல் போனது கேபிளின் வேலை.

மெல்லியதற்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். சார்ஜரும் போனும் பேசி 9 வோல்டுக்கு மாறிக்கொள்ளும் வகை என்றால் 24 கேஜே போதும். 2 ஆம்பியரில் அதே 1 வோல்ட்தான் போகும், 8 வோல்ட் மிஞ்சும், 16 வாட் வந்து சேரும். அந்த ஜோடி உங்களிடம் இருந்தால் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பழைய 5 வோல்ட் சார்ஜர், 5 வோல்ட் மட்டுமே ஏற்கும் சிசிடிவி கேமரா, பவர் பேங்க் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

தடித்த கேபிள் என்று வாங்குவதிலும் ஒரு பொறி உண்டு. நைலான் பின்னலும் ரப்பரும் சேர்த்துப் பருமனாக்கி, உள்ளே 28 கேஜ் கம்பியை வைத்து விற்பார்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் வருகிறது, அதே கேஜில் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். கையால் தடவிப் பார்த்துப் பருமனை நம்பாதீர்கள். உறையிலோ பெட்டியிலோ கேஜ் எண் இல்லாத நீளக் கேபிளை நான் வாங்குவதில்லை.

ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டுமென்றால் நீளத்தை 230 வோல்ட் பக்கம் வைப்பதே மேல். தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, சார்ஜரைப் பக்கத்தில் செருகி, ஒரு மீட்டர் கேபிள் போட்டால் போதும். போன் சார்ஜருக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆம்பியர் மிகக் குறைவு, இழப்பு கணக்கிலேயே வராது. லேப்டாப்புக்கு நீளக் கேபிள் நான் பயன்படுத்தியதில்லை, கணக்கை மட்டும் சொல்கிறேன்: 20 வோல்ட், 3 ஆம்பியரில் 24 கேஜ், 3 மீட்டர் கேபிள் நாலரை வாட்டைச் சூடாக்கியே தின்னும். அதைப் போர்வைக்கு அடியில் போட எனக்கு மனம் வராது.