டேங்க் அவுட்லெட் ஒழுகுகிறது: பிளம்பருக்கு எந்தக் கடிதம் எழுதுவது?

மொட்டை மாடி டேங்கின் அவுட்லெட் ஜாயின்ட் ஒழுக ஆரம்பித்தால், சென்னையில் இப்போது பலரும் பிளம்பருக்கு வாட்ஸ்அப்பில்தான் எழுதுகிறோம். பகலில் அவர் வேறொரு வீட்டில் பைப் அறுத்துக்கொண்டிருப்பார். இரவில்தான் எல்லாவற்றையும் படித்து, மறுநாள் எந்த வீட்டுக்கு எந்தச் சாமானோடு போவது என்று முடிவு செய்வார். அந்த முடிவுக்கு உதவுகிற கடிதம் எது, உதவாதது எது என்று ஒரே வீட்டை வைத்து மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

வீடு நங்கநல்லூரில், தரைத்தளமும் ஒரு மாடியும். மேலே 1000 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். அடிப்பக்கச் சுவரில் ஒன்றேகால் இன்ச் டேங்க் நிப்பிள், அதன் மரையில் திருகிய பிளாஸ்டிக் அடாப்டர், ஒரு சாண் நீளப் பைப், பிறகு பால் வால்வு, அங்கிருந்து கீழே இறங்கும் வெள்ளை யுபிவிசி லைன். ஜாயின்ட்டிலிருந்து நிற்காமல் சொட்டுகிறது. சுற்றிலும் போர் தண்ணீரின் வெள்ளை உப்பு படிந்திருக்கிறது.

முதல் வகைக் கடிதம் நமக்கெல்லாம் பழக்கமானது:

"அண்ணா வணக்கம். மாடி டேங்க் லீக் ஆகுது. எப்ப வருவீங்க?"

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கு டேங்கே விரிசல் விட்டதா, பைப் உடைந்ததா, மிதவை வால்வு கெட்டு நிரம்பி வழிகிறதா என்று தெரியாது. அதனால் அவர் முதலில் பார்க்க மட்டும் வருவார். பார்த்துவிட்டு, "டேங்கைக் காலி பண்ணி வைங்க, சாமான் வாங்கிட்டு அப்புறம் வர்றேன்" என்று கிளம்புவார். ஒரே வேலைக்கு இரண்டு வருகை. பெட்ரோலும் நேரமும் அவருக்குச் செலவு, அது எப்படியும் கூலியில் வந்து சேரும். அந்த டேங்கையும் லைனையும் போட்டவரே அவர்தான் என்றால் மட்டும் இந்த இரண்டு வரி போதும். என்ன சைஸ், என்ன பைப் என்பது அவருக்கே நினைவிருக்கும்.

இரண்டாவது வகை, விஷயம் தெரிந்தவர்கள் எழுதுவது:

"அண்ணா வணக்கம். டேங்க் நிப்பிள் வாஷர் போயிடுச்சு. புது வாஷர் வாங்கிட்டு நாளைக்குக் காலைல வந்து மாத்திக் குடுங்க."

பார்க்கத் தெளிவாக இருக்கிறது. என் கணக்கில் முதல் கடிதத்தைவிட இதுதான் அதிக நஷ்டம் தரக்கூடியது. என்ன கெட்டது என்பதைப் பார்க்காமலேயே தீர்மானித்துவிட்டு, அதற்கு மட்டும் சாமான் கொண்டுவரச் சொல்கிறது. அவுட்லெட் ஜாயின்ட் என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிற இடத்தில் தண்ணீர் வெளியேற முக்கியமாக மூன்று வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு.

டேங்க் சுவருக்கும் வாஷருக்கும் நடுவே கசிந்தால் ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகியிருக்கலாம், அல்லது நட்டு தளர்ந்திருக்கலாம். இதைச் சரிசெய்ய டேங்க் காலியாக வேண்டும். வெளியே நட்டைத் திருகும்போது உள்ளே நிப்பிள் கூடவே சுற்றாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். 1000 லிட்டர் டேங்கில் மேல்வாய் வழியாகக் கைவிட்டால் அடிவரை எட்டாது, ஆள் உள்ளே இறங்கித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். ஆக இது இரண்டு ஆள் வேலை.

நிப்பிளும் அடாப்டரும் சேரும் மரையில் கசிந்தால் வாஷருக்கு அதில் பங்கே இல்லை. அடாப்டரைக் கழற்றி, விரிசல் இருந்தால் மாற்றி, டெஃப்லான் டேப் சுற்றித் திருப்பி ஏற்ற வேண்டும். வால்வுக்கு முன்னால் இருக்கிற இடம் என்பதால் இதற்கும் டேங்க் காலியாக வேண்டும், ஆனால் பெரும்பாலும் ஒரு ஆள் போதும்.

மூன்றாவது, வால்வைத் தாண்டிய ஒட்டு ஜாயின்ட். அங்கே கசிந்தால் வால்வை மூடிவிட்டே வேலை பார்க்கலாம். டேங்கைத் தொட வேண்டியதில்லை.

எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முதலில் வால்வை மூடுங்கள். சொட்டு கொஞ்ச நேரத்தில் நின்றால் கோளாறு வால்வுக்குப் பின்னால். நிற்காவிட்டால் வால்விலோ அதற்கு முன்னாலோ. அப்புறம் பைப்பையும் நிப்பிளையும் பழைய துணியால் நன்றாகத் துடைத்து, செய்தித்தாளைக் கிழித்து ஒவ்வொரு சேரும் இடத்திலும் தனித்தனித் துண்டாகச் சுற்றுங்கள். எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ அதுதான் இடம். தண்ணீர் பைப்பின் அடிப்பக்கமாக ஓடி வேறு இடத்தில் சொட்டும், சொட்டுகிற இடத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். கடிதத்தோடு போட்டோ மட்டும் அனுப்பினால் போதாது என்பதற்குக் காரணமும் இதுதான். போட்டோவில் எல்லாமே ஈரமாகத்தான் தெரியும்.

அளவும் எடுக்கலாம். டேங்க் நிறைந்திருக்கும்போது சொட்டின் கீழே ஒரு லிட்டர் பாட்டிலை வையுங்கள். நங்கநல்லூர் வீட்டில் அது 20 நிமிடத்தில் நிரம்புகிறது என்றால், மணிக்கு 3 லிட்டர், ஒரு நாளைக்கு 72 லிட்டர். டேங்கில் தண்ணீர் குறைந்தால் அழுத்தம் குறைந்து சொட்டும் மெதுவாகும். ஆகவே நிறைந்த டேங்கில் எடுத்த அளவு என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஒரு எண்ணை வைத்தே பிளம்பர் நாளைக்கே ஓடிவர வேண்டுமா, இரண்டு நாள் பொறுக்கலாமா என்று முடிவு செய்துவிடுவார்.

சரி, இதெல்லாம் சேர்ந்த மூன்றாவது கடிதம்:

"அண்ணா, வணக்கம். நங்கநல்லூர் வீட்டிலிருந்து எழுதுகிறேன், போன வருஷம் கீழ் பாத்ரூமில் குழாய் மாற்றிக் கொடுத்தீர்கள்.

மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். அவுட்லெட் ஜாயின்ட் ஒரு வாரமாக ஒழுகுகிறது. வால்வை மூடினாலும் நிற்கவில்லை. துடைத்துப் பேப்பர் சுற்றிப் பார்த்தேன். நிப்பிளும் அடாப்டரும் சேரும் மரையில்தான் முதலில் நனைகிறது, டேங்க் சுவரை ஒட்டிய இடம் காய்ந்திருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது ஒரு லிட்டர் பாட்டில் 20 நிமிஷத்தில் நிரம்புகிறது.

பைப் வெள்ளை யுபிவிசி, ஒன்றேகால் இன்ச். டேங்குக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கிறது, யூனியன் இல்லை. பைப்புக்கு அடியில் தாங்கல் எதுவும் இல்லை, அந்தரத்தில் நிற்கிறது. போட்டோ இரண்டு அனுப்பியிருக்கிறேன்.

செவ்வாய் அல்லது வியாழன் காலை 7 மணிக்கு வர முடியுமா? எந்த நாள் என்று முந்தின நாள் காலையிலேயே சொல்லிவிட்டால், மோட்டார் போடாமல் டேங்கைக் காலி செய்து வைக்கிறேன். மாடிக்குப் படி இருக்கிறது, டேங்க் மேலே ஏற ஏணி இல்லை. கூலியும் சாமானும் தோராயமாக எவ்வளவு ஆகும் என்றும் சொல்லுங்கள்."

நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வரியும் அவர் பையில் ஒரு சாமானை வைக்கிறது, அல்லது ஒன்றை வெளியே எடுக்கிறது. யூனியன் இல்லை என்று படித்ததும் பைப்பை அறுக்காமல் அடாப்டரைத் திருகி எடுக்க முடியாது என்று அவருக்குப் புரியும். அறுத்த இடத்தில் மறுபடி இணைக்க யூனியன் ஒன்று கொண்டுவருவார், அடுத்த முறை அறுக்கவே வேண்டியிருக்காது. வெள்ளை யுபிவிசி என்று எழுதுவதும் அதே அளவு முக்கியம். வெளிர்மஞ்சள் நிற சிபிவிசி பைப்பும் ஒன்றேகால் இன்ச் என்ற பெயரிலேயே வருகிறது, ஆனால் வெளிவிட்டம் வேறு. ஒன்றின் கப்ளிங் மற்றதில் உட்காராது, ஒட்டும் சொல்யூஷனும் தனி. ஏணி இல்லை என்ற வரி இல்லாவிட்டால் அவர் வெறுங்கையோடு வந்து நிற்பார்.

தாங்கல் இல்லை என்ற வரியை நான் விடவே மாட்டேன். பைப்பும் வால்வும் உள்ளே நிற்கிற தண்ணீரும் சேர்ந்து அந்த மரையைத் தினமும் கீழே இழுக்கின்றன. வால்வைத் திறந்து மூடும்போதெல்லாம் அது அசைகிறது. புது அடாப்டர் போட்டாலும் அடியில் செங்கல் வைத்தோ சுவரில் கிளாம்ப் அடித்தோ தாங்கல் கொடுக்காவிட்டால் அதே இடம் திரும்ப ஒழுகும். கடிதத்தில் இருந்தால் கிளாம்ப்பையும் கொண்டுவருவார்.

இரண்டாவது கடிதத்துக்கும் மூன்றாவதுக்கும் இன்னொரு பெரிய வித்தியாசம் தேதியில். "நாளைக்குக் காலைல வாங்க" என்பதில் டேங்க் நிலவரம் இல்லை. அவர் சொன்னபடி வந்து பார்க்கும்போது, விடியற்காலையில் மோட்டார் போட்டு நிரம்பிய 1000 லிட்டர் இருக்கும். அதைக் கீழே திறந்துவிட்டால் நேரமும் போகும், கோடையில் அந்தத் தண்ணீரும் போகும். "எப்ப வருவீங்க" என்ற முதல் கடிதத்திலோ நாளே இல்லை, அதனால் நாள் குறித்து எழுதியவர்களின் வேலைகளுக்குப் பின்னால்தான் அது நிற்கும். இரண்டு நாள் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அவருக்கும் வசதி, நமக்கும் டேங்கை வற்றவிட ஒரு முழுப் பகல் கிடைக்கிறது. அன்றைய குளியல், துணி, பாத்திரம் எல்லாவற்றுக்கும் டேங்க் தண்ணீரையே எடுத்து, மறுநாளைக்கு நாலு பக்கெட் பிடித்துவைத்தால் வீணாகாது. அவுட்லெட் டேங்கின் அடியிலிருந்து சற்று மேலே இருப்பதால் கொஞ்சம் வண்டல் தண்ணீர் தங்கும், அது வேலைக்குத் தடையில்லை.

காலை 7 மணி என்று குறிப்பதற்கும் காரணம் உண்டு. யூனியனைச் சொல்யூஷன் போட்டு ஒட்டியபின் சில மணி நேரம் காயவிட்டுத்தான் தண்ணீர் ஏற்ற முடியும். எவ்வளவு நேரம் என்பது டப்பாவின் மேலேயே போட்டிருக்கும். காலையில் முடித்தால் மாலையில் மோட்டார் போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழை நாளாக இருந்தால், "மழை பெய்தால் அடுத்த நாள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஈரமான பைப்பில் சொல்யூஷன் சரியாகப் பிடிக்காது.

இதற்கெல்லாம் பதிலாக, "இப்போதைக்கு ஏதாவது அப்பிவிட்டுப் போங்கள்" என்றும் சிலர் எழுதுவார்கள். இரண்டு களிம்பைப் பிசைந்து அப்புகிற எபாக்சி, இந்த டேங்க் செய்யப்படுகிற பாலிஎத்திலீனில் ஒட்டிப் பிடிக்காது. மரையின் மேலே பூசினால் சில நாள் சொட்டு நிற்கலாம், ஆனால் பிறகு கழற்றும்போது நிப்பிளையே உடைத்து எடுக்க வேண்டி வரும். அதைக் கேட்கிற வரியை எந்தக் கடிதத்திலும் சேர்க்க வேண்டாம்.

சொட்டாக இல்லாமல் பீய்ச்சி அடித்தால் கடிதமே வேண்டாம். மோட்டாரை நிறுத்துங்கள், கீழே குழாய்களைத் திறந்து கிடைத்த பாத்திரத்திலெல்லாம் பிடியுங்கள், நேராகப் போன் செய்யுங்கள். போனிலும் முதலில் சொல்ல வேண்டியது, வால்வுக்கு முன்னாலா பின்னாலா என்பதைத்தான்.