பழைய கைப்பேசியில் திக்கும் காணொலி: 10 பிட் எச்.265 கோப்புகளோடு என் அனுபவம்

2017இல் வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை இன்றுவரை காணொலி பார்ப்பதற்கென்றே வைத்திருக்கிறேன். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்குப் பெர்ரியில் போகும்போது என் கையிலும், மாலையில் அம்மாவின் கையிலும் அது இருக்கும். இடையில் பேட்டரியை மட்டும் மாற்றினேன். திரை நன்றாகவே இருக்கிறது, முழு எச்டி காணொலிகள் பெரும்பாலானவை தடையின்றி ஓடுகின்றன. ஆனால் சில கோப்புகள் மட்டும், மடிக்கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடியவை, இந்தக் கைப்பேசிக்கு வந்ததும் திக்கித் திணறும். பெட்டியில் “எச்.265 ஆதரவு உண்டு” என்று அச்சிட்டிருந்த கைப்பேசி, எச்.265 என்ற முறையில் சுருக்கிய காணொலிக் கோப்பிலேயே ஏன் திணறுகிறது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடையை, அக்கா மகளின் திருமணக் காணொலியை வைத்துச் சொல்கிறேன்.

படம்பிடித்தவர் இணையத்தில் ஏற்றித் தந்த கோப்பை இறக்கி முதலில் மடிக்கணினியில் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. அதையே கைப்பேசிக்கு மாற்றியபோது முதல் சில நிமிடங்கள் ஓரளவு ஒழுங்காகப் போயிற்று. தாலி கட்டி அட்சதை தூவும் இடத்தில் நாதஸ்வரமும் தவிலும் இடைவிடாமல் ஒலிக்க, படம் மட்டும் அப்படியே நின்று, பிறகு சட்டென்று முன்னே தாவியது. கைப்பேசியின் முதுகு நன்றாகச் சூடேறியிருந்தது. ஒலி தடையின்றிப் போய்ப் படம் மட்டும் நிற்பது ஒரு முக்கியமான அடையாளம். காணொலி இயக்கிகள் பொதுவாக ஒலியின் ஓட்டத்தையே கடிகாரமாகக் கொள்கின்றன. அந்தக் கடிகாரத்துக்குப் பிந்தி வரும் ஃப்ரேம்களைக் காட்டாமல் எறிந்துவிடுகின்றன. நினைவக அட்டை மெதுவாக இருப்பதுதான் காரணம் என்றால் படமும் ஒலியும் பெரும்பாலும் சேர்ந்தே தடைப்படும். அந்த ஐயத்தையும் தீர்த்துக்கொள்ளக் கோப்பைக் கைப்பேசியின் உள் சேமிப்பகத்துக்கு நகர்த்தி ஓட்டினேன், திக்கல் மாறவில்லை. ஆகவே கோப்பை வாசிப்பதில் சிக்கல் இல்லை, வாசித்ததைப் படமாக விரிப்பதில்தான் சிக்கல்.

கோப்பின் பெயரில் இருக்கும் எம்கேவி, எம்பி4 என்ற ஒட்டு இதற்கு எந்தத் துப்பும் தராது. அவை படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் உறைகள் மட்டுமே. உள்ளே இருக்கும் படம் எந்தக் கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்க முறையில் சுருக்கப்பட்டது, அந்தக் கோடெக்கின் எந்தப் புரொஃபைல் என்ற உட்பிரிவைச் சேர்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மடிக்கணினியில் ffmpeg என்ற இலவசக் கருவித்தொகுப்பை நிறுவியிருந்தால், இந்தக் கட்டளை அதைக் காட்டிவிடும்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=codec_name,profile,width,height,pix_fmt,r_frame_rate -of default=nw=1 kalyanam.mkv
```

வந்த விடை இது:

```
codec_name=hevc
profile=Main 10
width=1920
height=1080
pix_fmt=yuv420p10le
r_frame_rate=50/1
```

இதில் இரண்டாவது வரியும் ஐந்தாவது வரியும்தான் முழுக் கதையையும் சொல்கின்றன. எச்.265, அதாவது `hevc`, 2013இல் வெளிவந்த காணொலிச் சுருக்க முறை. அதன் `Main` புரொஃபைல் ஒவ்வொரு நிறக்கூறையும் 8 பிட்டில், 256 படிகளாக வைக்கிறது. `Main 10` புரொஃபைல் 10 பிட் வரை ஏற்பதால் 1024 படிகள் கிடைக்கின்றன. பந்தலின் மங்கிய விளக்கொளியும் மாலை வானமும் பட்டை பட்டையாகத் தெரியாமல் மெல்ல மாற வேண்டும் என்பதற்காகப் படத்தொகுப்பாளர்கள் 10 பிட்டை விரும்புகிறார்கள். அது நல்ல காரணம்தான். ஆனால் இரண்டு புரொஃபைல்களும் “எச்.265” என்ற ஒரே பெயரில்தான் விற்பனைப் பெட்டியில் அச்சாகின்றன.

கைப்பேசியின் சில்லில் காணொலியை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் வன்பொருள் டிகோடர் என்கிறோம். அது பொதுவான கணக்குகளைச் செய்யாது. குறிப்பிட்ட சில கோடெக்குகளின் குறிப்பிட்ட புரொஃபைல்களை மட்டும், மிகக் குறைந்த மின்சாரத்தில் விரிக்கும். 8 பிட் எண்களுக்கென்று அமைக்கப்பட்ட சுற்றுக்குப் பின்னாளில் வரும் எந்த மென்பொருள் புதுப்பிப்பும் 10 பிட்டைக் கற்றுத்தர முடியாது, ஏனெனில் அந்த வரம்பு சிலிக்கானிலேயே பதிந்திருக்கிறது. கோடெக் விவரங்களைப் பட்டியலிடும் இலவசச் செயலி ஒன்றை நிறுவிப் பார்த்தேன். சில்லு நிறுவனத்தின் எச்.265 டிகோடருக்கு நேரே `Main` மட்டுமே இருந்தது. அதற்குக் கீழே `OMX.google.hevc.decoder` என்ற பெயரும் இருந்தது. `OMX.google` என்றோ, புதிய ஆண்ட்ராய்டில் `c2.android` என்றோ தொடங்கும் பெயர்கள் மென்பொருள் டிகோடர்கள். அவற்றின் வேலை முழுவதும் சில்லின் பொதுக் கணிப்புக் கருக்கள்மீதே விழும். இந்த வேறுபாட்டை அறியாமல் பட்டியலில் “hevc” இருக்கிறதே என்று நிறைவடைந்துவிட்டால் உண்மையான காரணம் கண்ணுக்குப் படாது.

அந்தச் சுமை எவ்வளவு என்பதைக் கணக்கிட்டால்தான் திக்கலின் காரணம் விளங்கும். நொடிக்கு 50 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சராசரியாக 20 மில்லிவிநாடிதான் அவகாசம். ஒரு முழு எச்டி ஃப்ரேமில், நிறத்தைப் பாதித் தெளிவில் வைத்தாலும், ஏறத்தாழ 31 லட்சம் மாதிரிகள் இருக்கின்றன. 8 பிட்டில் அவை ஏறத்தாழ 3.1 மெகாபைட். 10 பிட் எண்களை மென்பொருள் ஒவ்வொன்றையும் இரண்டு பைட்டில் வைத்துக்கொள்வதால் அது 6.2 மெகாபைட் ஆகிறது. நொடிக்கு 311 மெகாபைட் அளவுக்கு விரித்த படத்தை நினைவகத்தில் எழுத வேண்டும். பின்னர் அதை 8 பிட் திரைக்கு ஏற்ப மாற்றும் வேலையும் உண்டு. என் கைப்பேசியில் இருப்பவை எட்டு கார்டெக்ஸ்-ஏ53 கருக்கள். மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை, இத்தகைய உழைப்புக்கு ஆனவை அல்ல.

அட்சதைக் காட்சியில் ஏன் குறிப்பாக நிற்கிறது என்பதும் இதிலிருந்தே தெளிவாகும். அசையாத மேடையைக் காட்டும்போது முந்தைய ஃப்ரேமிலிருந்து பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கான அரிசி மணிகளும் பூவிதழ்களும் ஒரே நேரத்தில் பறக்கும்போது அப்படி எடுத்துக்கொள்ள ஏதும் மிஞ்சுவதில்லை. புதிதாகப் பதிய வேண்டியது பெருகி, அந்த நொடிகளின் பிட் அளவு ஏறுகிறது. அந்தப் பிட்களைப் பிரித்தெடுக்கும் கேபாக் என்ற படிநிலை ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும் இயல்புடையது, ஆகவே கருக்கள் எட்டாக இருப்பதால் வேகம் எட்டு மடங்காகிவிடுவதில்லை. சில நிமிடங்கள் கழித்துச் சூடு ஏறியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. முதலில் சரியாக ஓடிய காட்சிகளே பிறகு திரும்பிப் பார்க்கும்போது திக்குவதற்கு இந்தச் சூடுதான் காரணம். நம் ஊர் வெயிலில் பெர்ரியின் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தால் அது இன்னும் விரைவில் வரும்.

எந்த டிகோடர் வேலை செய்கிறது என்பதை எம்எக்ஸ் பிளேயர் நேரடியாகத் திரையிலேயே காட்டும், அதனால்தான் பழைய கைப்பேசிக்கு அதை நான் விரும்புகிறேன். மேல் மூலையில் `HW`, `HW+`, `SW` என்ற மூன்றில் ஒன்று தெரியும்; முதல் இரண்டும் வன்பொருள் டிகோடர், மூன்றாவது மென்பொருள். இந்தக் கோப்பை `HW` என்று வைத்துத் திறந்தாலும் அது தானாக `SW`க்கு மாறிவிட்டது. மாறியது என்பதே தேவையான விடை. விஎல்சியும் நல்ல செயலிதான், ஆனால் எதற்கு மாறியது என்பதை அது அவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை. விஎல்சியில், படத்தின் கட்டங்களை மழுப்பும் டிபிளாக்கிங் வடிப்பானைக் குறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதைக் குறைத்தால் சுமை சற்றே இறங்கும், ஆனால் முகங்களின் விளிம்பில் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும். திருமணப் படத்தில் அதை ஏற்க எனக்கு மனமில்லை.

மடிக்கணினியில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் சில்லு. அதன் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் பகுதி 10 பிட் எச்.265ஐ வன்பொருளிலேயே விரிக்கிறது. அதற்கு முந்தைய ஆறாம் தலைமுறை 8 பிட்டை மட்டுமே முழுமையாக வன்பொருளில் விரித்தது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் `Video Decode` என்ற வரைபடம் எழும்பி நிற்பதையும், மையச் செயலகம் ஏறத்தாழச் சும்மா இருப்பதையும் காணலாம். விஎல்சியில் வன்பொருள் உதவியை நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன். விசிறி இரைந்தது, மையச் செயலகத்தின் சுமை ஏறியது, ஆனால் படம் நிற்கவில்லை. அதாவது மடிக்கணினிக்கு வன்பொருள் டிகோடர் இல்லாவிட்டாலும் தாங்கும் வலு இருக்கிறது. கைப்பேசிக்கு அந்த இரண்டாவது அரண் கிடையாது.

தீர்வு, கைப்பேசியின் வன்பொருள் அறிந்த வடிவத்துக்குக் கோப்பை மாற்றுவது. 2003இல் வந்த எச்.264ஐ, 8 பிட்டில், இப்படிப்பட்ட எல்லாக் கைப்பேசிகளும் விரிக்கும்.

```
ffmpeg -i kalyanam.mkv -c:v libx264 -profile:v high -pix_fmt yuv420p -crf 20 -preset slow -c:a copy kalyanam_phone.mp4
```

இதில் `-pix_fmt yuv420p` என்ற பகுதியை விட்டுவிடக் கூடாது. அதையும் `-profile:v high` என்பதையும் எழுதாமல் வெறும் `libx264` என்று மட்டும் கொடுத்தால், மூலம் 10 பிட் என்பதால் வெளிவரும் எச்.264 கோப்பும் 10 பிட்டாகவே, `High 10` புரொஃபைலில் பிறக்கும். எச்.264இன் அந்தப் புரொஃபைலைக் கைப்பேசிகளின் வன்பொருள் டிகோடர்கள் பொதுவாக அறவே தொடுவதில்லை, எனவே மணிக்கணக்கில் மாற்றியும் பழைய திக்கலே மீண்டும் வரும். மாற்றிய கோப்பையும் ffprobeஇல் ஒருமுறை பார்த்து, `profile=High`, `pix_fmt=yuv420p` என்று இருப்பதை உறுதிசெய்துகொள்வது நல்லது. கைப்பேசியின் டிகோடர் முழு எச்டியில் நொடிக்கு 30 ஃப்ரேம்தான் தாங்கும் என்று பட்டியல் சொன்னால் `-r 25` என்பதையும் சேர்க்க வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சி 25, 50 என்ற அடுக்கில் அமைந்திருப்பதால் இங்குள்ள கேமராக்களும் பெரும்பாலும் அப்படியே வைக்கப்படுகின்றன. 50ஐ 25 ஆக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்று விலகுவதால் அசைவு ஒழுங்காகவே இருக்கும்.

இந்தக் கட்டளைக்கு ஓர் எல்லையும் உண்டு. மூலக் கோப்பு கூடுதல் ஒளிவீச்சைப் பதியும் எச்டிஆர் வகை என்றால், அதாவது மேலே உள்ள ffprobe கட்டளையின் பட்டியலில் `color_transfer` என்பதையும் சேர்த்து ஓட்டும்போது அந்த இடத்தில் `smpte2084` அல்லது `arib-std-b67` என்று இருந்தால், பிட்டை மட்டும் குறைப்பது நிறங்களை வெளிறச் செய்துவிடும்; பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். அதற்கு நிற அளவை மாற்றும் தனி வடிப்பான் தேவை. எங்கள் கோப்பில் அங்கே `bt709` என்று இருந்ததால் அந்த வேலை தேவைப்படவில்லை.

மாற்றிய கோப்பு கைப்பேசியில் `HW+` என்ற அடையாளத்தோடு திறந்தது. அட்சதைக் காட்சி நிற்காமல் ஓடியது, முதுகும் இளஞ்சூட்டைத் தாண்டவில்லை, ஒரே மின்னேற்றத்தில் அம்மா முழுத் திருமணத்தையும் பார்த்தார். கோப்பின் அளவு மூலத்தைவிடப் பெரிதாயிற்று, ஏனெனில் அதே தரத்துக்கு எச்.264 கூடுதல் பிட்களைக் கேட்கும். உற்றுப் பார்த்தால் பந்தலின் மேல்விளிம்பில் ஒளி மெல்லிய பட்டைகளாகப் பிரிவதும் தெரிகிறது. அதனால் 10 பிட் மூலத்தை மடிக்கணினியோடு சேர்த்து வெளி வட்டிலும் பத்திரப்படுத்தியிருக்கிறேன். கைப்பேசியில் இருப்பது பார்ப்பதற்கான படி மட்டும். அண்மையில் வேறொரு சடங்குக்கு அதே படப்பிடிப்பாளரிடம் பேசியபோது, மூலத்தோடு “எச்.264, 8 பிட், 25 ஃப்ரேம்” என்ற படி ஒன்றையும் சேர்த்து ஏற்றித்தரக் கேட்டேன். அவருடைய தொகுப்பு மென்பொருளில் அது ஏற்றுமதிக்கான இன்னொரு தேர்வு மட்டுமே என்பதால் உடனே ஒப்புக்கொண்டார்.