கைதட்டலை எடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் தக்கவைக்க: டிமக்ஸ் பயன்பாட்டு அனுபவம்

கடலூரில் எங்கள் வாசகர் வட்டம் பட்டிமன்றங்களையும் மேடைப் பேச்சுகளையும் ஒலிக்கோப்பாக்கிச் சேர்த்து வருகிறது. பார்வை குறைந்த மூத்த உறுப்பினர்கள் கேட்பதற்காகச் செய்வது. ஒரு சொல்கூடத் தவறக் கூடாது. ஆனால் கிடைக்கும் பதிவுகள் பெரும்பாலும் கூட்டத்துக்கு நடுவில் கைபேசியில் எடுத்தவை. பேச்சாளரைவிடப் பக்கத்து நாற்காலிக்காரரின் கைதட்டல்தான் ஓங்கிக் கேட்கும். இந்த வேலைக்கு நெடுநாளாக நான் நம்பியிருப்பது டிமக்ஸ் என்ற இலவச மென்பொருள்.

இது பாட்டிலிருந்து குரலையும் இசையையும் பிரிப்பதற்காக உருவானது. கைதட்டல் அதன் காதுக்குத் தாளவாத்தியம் போலவோ, குரலல்லாத வேறு சத்தம் போலவோ படுவதால் பெரும்பகுதி இசைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. கட்டளை இரண்டே வரி. முதல் வரி வீடியோவிலிருந்து ஒலியை எடுக்கும், அடுத்தது குரலைப் பிரிக்கும்:

```
ffmpeg -i pechu.mp4 -vn -ar 44100 pechu.wav
demucs --two-stems=vocals pechu.wav
```

முடிந்ததும் `separated/htdemucs/pechu` என்ற கோப்புறையில் `vocals.wav`, `no_vocals.wav` என இரண்டு கோப்புகள் இருக்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் பதிவின் நீளத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் ஆகும்.

முதலில் குரல் கோப்பைக் கேட்கத்தான் எல்லாருக்கும் கை போகும். நான் `no_vocals.wav` கோப்பைத்தான் முதலில் கேட்பேன். அதில் வெறும் கைதட்டல் மட்டும் இருந்தால் பிரிப்பு சுத்தம். கைதட்டலுக்குள் பேச்சின் துணுக்குகள் கேட்டால் அந்த இடங்களில் குரலும் சேர்ந்து போயிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அப்படிப் போவது ‘ஸ’, ‘ஷ’ போன்ற காற்றொலிகள். கைதட்டலும் இந்த ஒலிகளும் இரைச்சல் வடிவிலேயே இருப்பதால் மென்பொருளுக்குப் பிரித்தறியத் தெரிவதில்லை.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் எடுத்த ஒரு பேச்சில் இது நன்றாகத் தெரிந்தது. பேச்சாளர் ஒரு குடும்பக் கதையைச் சொல்லி, “கடைசியில யாரு வந்து பாத்தா?” என்று முடிக்கிறார். ‘பாத்தா’வின் இரண்டாம் பாதியிலேயே கைதட்டல் தொடங்கிவிடுகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், மேடைப் பேச்சில் வாக்கியத்தின் உயிரான இடமும் கைதட்டல் விழும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன. டிமக்ஸ் கொடுத்த குரலில் அந்த ‘த்தா’ தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல மங்கியிருந்தது. அதனால் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் மூலப் பதிவையும் குரல் கோப்பையும் இரண்டு டிராக்குகளாக அடுக்கினேன். இரண்டும் ஒரே நீளம் என்பதால் தாமாகவே பொருந்தும். மூலத்தை 18 டெசிபல் குறைத்து அடியில் ஓடவிட்டு, அந்த ஓரசைக்கு மட்டும் 6 டெசிபல் குறைவு என்ற அளவுக்கு ஏற்றினேன். கைதட்டல் லேசாகத் தலைகாட்டுகிறது, ஆனால் சொல் முழுசாகக் கேட்கிறது. இடைவெளிகள் செத்த அமைதியாகிவிடாமல் மைதானத்தின் காற்றும் கொஞ்சம் நிற்கிறது. முழுப் பதிவுக்கும் இப்படி ஓர் அடித்தளம் வைப்பதே என் வழக்கம்.

சிரிப்பு வேறு கதை. அதுவும் மனிதக் குரல்தான். ஆடாசிட்டியில் ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைத் திறந்தால் கைதட்டல் செங்குத்துக் கோடுகளாகவும் புகையாகவும் தெரியும். சிரிப்போ பேச்சைப் போலவே அடுக்கடுக்கான கிடைக்கோடுகள் கொண்டது. அதனால் டிமக்ஸ் அதைக் குரல் கோப்பிலேயே விட்டுவிடுகிறது. டிவி நகைச்சுவைத் தொடர்களில் சேர்க்கும் பதிவுச் சிரிப்புக்கும் இதே நிலைதான். ஆனால் அங்கே நடிகர்கள் சிரிப்பு ஓயும்வரை பெரும்பாலும் காத்திருப்பதால் வேலை எளிது: வசனமில்லாத பகுதியைத் தேர்ந்தெடுத்து 20 டெசிபல் தணித்து, இரு முனையிலும் பத்தில் ஒரு நொடி ஃபேடு கொடுத்தால் போதும். வெட்டி எடுத்துவிட்டால் வாயசைவு பொருந்தாது.

கைதட்டலை எடுத்த பிறகு இன்னொரு குறை வெளியே வரும். கைபேசி பலத்த சத்தம் கேட்டதும் பதிவளவைத் தானே இறக்கி, பிறகு மெல்ல ஏற்றும். கைதட்டல் இருந்தவரை இது தெரியாது. எடுத்ததும் அடுத்த வாக்கியம் அடங்கிய குரலில் தொடங்குவது பளிச்சென்று கேட்கும். இதை டிமக்ஸ் சரிசெய்யாது. ஆடாசிட்டியின் என்வலப் கருவியால் அந்த இரண்டு மூன்று நொடிகளைக் கையால்தான் தூக்க வேண்டும். நேரம் அதிகம் பிடிப்பது இங்கேதான்.

பேச்சாளர் சிரிப்பொலிக்கு மேலேயே பேசிக்கொண்டு போகும் இடங்களில் எதையும் பிரிக்க நான் முனைவதில்லை. அங்கே மூலத்தையே வைத்துவிடுகிறேன். இப்போதெல்லாம் நிகழ்ச்சிக்கு முன்பே மைக்செட் அண்ணனிடம் பென் டிரைவைக் கொடுத்து, மிக்சரிலிருந்து நேராகப் பதிந்து தரச் சொல்கிறோம். மேடை மைக்கில் கூட்டத்தின் சத்தம் எட்ட நின்று மெலிதாகத்தான் விழுகிறது. அந்தக் கோப்புகளில் டிமக்ஸ் ‘ஸ’வைக்கூட விட்டுவைக்கிறது.